தீபாவளி வாழ்த்தும் விடுமுறை அறிவிப்பும்: ஒரே மடலா, தனித்தனியா?

ஜிஎஸ்டி, கணக்கு வேலை பார்க்கும் சிறு அலுவலகம் நடத்துகிறவர்கள் தீபாவளி நெருங்கும்போது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பார்ட்டிங்களுக்கு வாழ்த்து அனுப்பணும், லீவு தேதியும் சொல்லணும். ரெண்டையும் ஒண்ணா அனுப்பிடலாமா?"

2026-இல் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் நவம்பர் 11, புதன். நடுவில் இருப்பது திங்களும் செவ்வாயும்தான். ஊருக்குப் போன ஊழியர்களில் பாதிப் பேர் திங்களன்று பேருந்தில் இருப்பார்கள். அதனால் நான்கு பேர் வேலை செய்யும் இப்படியொரு அலுவலகத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, நடைமுறையில் இருக்கும் நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வாழ்த்தும் அறிவிப்பும் சேர்ந்த ஒரே மடல், அறிவிப்பு முன்னதாகவும் வாழ்த்து பண்டிகைக்கு முந்தின நாளும் போகும் இரண்டு மடல்கள், வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம், தானியங்கிப் பதில் மட்டும் என்பவைதான் அந்த நான்கு.

## எதை வைத்து முடிவு செய்வது

செய்ய நேரம் இருக்கும்போது சேர்கிறதா? இதுதான் முதல் அளவுகோல். மற்ற மூன்றையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. நாம் எந்தெந்த நாள் பூட்டியிருப்போம் என்பதைத் தெரிந்துகொண்டு கிளையண்ட் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தேதிக்குள் பில்களைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. அக்டோபர் பில்கள் 31-ம் தேதி சனிக்கிழமையோடு முடிகின்றன. அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது தீபாவளிக்கு முந்தின வாரம். ஜவுளிக்கடைக்காரர் காலையிலிருந்து ராத்திரி வரை கல்லாவை விட்டு எழமாட்டார். கம்பெனி வைத்திருப்பவர் போனஸ் பட்டுவாடாவில் இருப்பார். அந்த வாரத்தில் போய், "நாளைக்குள் பில் அனுப்புங்கள்" என்றால் நடக்காது. அக்டோபர் கடைசி வாரத்திலேயே சொல்லியிருந்தால், கடைப் பையனிடம் "ஒண்ணாம் தேதியே எல்லாத்தையும் எடுத்து வை" என்று அவரே சொல்லிவிடுவார்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் கிளையண்டிடம் சரக்கு வாங்கியவரின் பக்கம் இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர் 11-ம் தேதிக்குள் ஏற்றினால்தான் அந்த பில், வாங்கியவருக்கு 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற வரி வரவு அறிக்கையில் தெரியும். 12-ம் தேதி ஏற்றினால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வாங்கியவர் அந்த வரியை அந்த மாதம் வரவு எடுக்க முடியாது. பல இடங்களில், "உங்க பில் 2பி-யில வரல, வந்ததும் வரித் தொகையைத் தர்றேன்" என்று பணத்தை நிறுத்தி வைப்பார்கள். கிளையண்டுக்கு அது நம்மால் வந்த நஷ்டமாகத்தான் தெரியும்.

தேவைப்படும்போது தேடினால் கிடைக்கிறதா? அறிவிப்பை வந்த அன்று எல்லோரும் மேலோட்டமாகத்தான் படிப்பார்கள். ஒன்பதாம் தேதி ராத்திரி ஒரு சந்தேகம் வரும்போதுதான், 'ஆபீஸ் என்னைக்குத் திறக்கிறாங்க?' என்று தேடுவார்கள். அப்போது அகப்பட வேண்டும். அகப்பட்டால் குழப்பாமல் சொல்ல வேண்டும். "9-ம் தேதி வரை விடுமுறை" என்றால் ஒன்பதாம் தேதியும் சேர்த்தா என்று கேள்வி வரும். "10-ம் தேதி செவ்வாய் காலை 10 மணிக்குத் திறக்கிறோம்" என்றால் வராது.

வாழ்த்து வாழ்த்தாக இருக்கிறதா? வாழ்த்தின் அடியில் நிபந்தனைகளை அடுக்கினால் வாழ்த்து வெறும் உறையாகிவிடும். இதில் நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்து ஒரு வருடம் ஆகாத குடும்பங்களில் தீபாவளி கொண்டாட மாட்டார்கள். கிளையண்ட் பட்டியலில் அப்படி இரண்டு மூன்று வீடாவது எந்த வருடமும் இருக்கும். அவர்களுக்கு மத்தாப்பூ படம் போட்ட வாழ்த்து போகக் கூடாது. ஆனால் விடுமுறைத் தேதி போயே ஆக வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வழியில்லை.

நமக்கு எவ்வளவு வேலை? எழுதுவது அரை மணி நேரம்தான். பட்டியலைச் சரிபார்ப்பதும், அதன் பிறகு வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும்தான் வேலை.

## ஒரே மடல்

எழுதுவது ஒரு முறை, அனுப்புவது ஒரு முறை. கிளையண்டின் இன்பாக்ஸிலும் ஒரு மடல் குறைவு. மாதம் ஒரு தடவை மட்டும் பேசிக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்கு இது போதும்.

சிக்கல் எந்த நாளில் அனுப்புவது என்பதில் இருக்கிறது. அறிவிப்புக்கு ஏற்றபடி அக்டோபர் 26-ம் தேதி அனுப்பினால், வாழ்த்து பதிமூன்று நாள் முந்திவிடுகிறது. தப்பில்லை, ஆனால் தீபாவளி அன்று நம் பெயர் யாருக்கும் நினைவில் இருக்காது. வாழ்த்துக்கு ஏற்றபடி ஏழாம் தேதி அனுப்பினால், பில் கேட்கும் வரிக்கு அர்த்தமே இல்லை. கிளையண்ட் எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் நிற்கும்போது படிக்கிறார்.

மறைந்திருக்கும் செலவு தலைப்பு வரியில் இருக்கிறது. "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று தலைப்பு வைத்தால் உள்ளே இருப்பது வாழ்த்துதான் என்று நினைத்துத் திறக்காமலே விட்டுவிடுவார்கள். பண்டிகை வாரத்தில் வங்கி, காப்பீடு, நகைக்கடை என்று அதே தலைப்பில் எத்தனையோ வருகின்றன. ஒரே மடல் என்று முடிவு செய்தால் தலைப்பில் தேதி இருக்கட்டும், வாழ்த்து உள்ளே முதல் வரியில் இருக்கட்டும். தலைகீழாக வைக்கக் கூடாது.

இந்த வழி நன்றாகப் பொருந்துவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு. ஜெர்மனியில் இருப்பவருக்கு தீபாவளி வருடா வருடம் தேதி மாறும் பண்டிகை என்பதே தெரிந்திருக்காது. அவருக்கு இரண்டு மடல் அதிகம். இரண்டு வாரம் முன்பே ஒன்று போதும்: வாழ்த்து ஒரு வரி, விடுமுறை எதற்காக என்று ஒரு வரி, தேதிகள், இந்திய நேரம். தேதியை 07/11 என்று எழுதாதீர்கள். அமெரிக்கர் அதை ஜூலை 11 என்று படிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.

## இரண்டு மடல்கள்

தேதிக்குக் கட்டுப்பட்ட வேலை செய்யும் அலுவலகங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அறிவிப்பு அக்டோபர் 26 திங்களன்று. நினைவூட்டல் நவம்பர் 2 திங்களன்று, பில் இன்னும் தராதவர்களுக்கு மட்டும். வாழ்த்து நவம்பர் 7 சனிக்கிழமை, ஒரு தேதியோ ஒரு நிபந்தனையோ இல்லாமல்.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

> தலைப்பு: நவம்பர் 7, 8, 9 விடுமுறை – அக்டோபர் பில்கள் 4-ம் தேதிக்குள் வேண்டும்
>
> வணக்கம் ஐயா,
>
> தீபாவளியை முன்னிட்டு நவம்பர் 7 சனி, 8 ஞாயிறு, 9 திங்கள் மூன்று நாளும் அலுவலகம் விடுமுறை. 10-ம் தேதி செவ்வாய் காலை 10 மணிக்குத் திறக்கிறோம்.
>
> அக்டோபர் விற்பனை பில்களை நவம்பர் 4 புதன் மாலைக்குள் அனுப்பினால், ஜிஎஸ்டிஆர்-1-ஐ 6-ம் தேதி வெள்ளிக்குள் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு வருபவற்றை 10, 11 தேதிகளில் வந்த வரிசைப்படி எடுப்போம்.
>
> தாக்கலின்போது உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வரும். 5, 6 தேதிகளில் காலை 11 முதல் மாலை 5 வரை அதைச் சொல்ல யாரை அழைக்கலாம் என்று தெரிவியுங்கள்.
>
> விடுமுறையில் வரும் மெயில்களுக்கு 10-ம் தேதி மாலைக்குள் பதில் தருவோம். இ-வே பில் காரணமாக வண்டி நிறுத்தப்பட்டாலோ, துறை அதிகாரிகள் நேரில் வந்தாலோ மட்டும் இந்த எண்ணை அழையுங்கள்: (அவசர எண்)

ஓடிபி பற்றிய பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பண்டிகை நேரத்தில் தாக்கல் தடைப்படுவது அதிகமும் அங்கேதான். பில் எல்லாம் சரியாக வந்திருக்கும், நாமும் ஏற்றி முடித்திருப்போம். கடைசியில் ஓடிபி கேட்டு அழைத்தால், முதலாளி சரக்கு எடுக்கப் போயிருப்பார், இல்லாவிட்டால் சிக்னல் கிடைக்காத சொந்த ஊரில் இருப்பார். அந்த ஓடிபி சீக்கிரம் காலாவதியாகிவிடும். டிஜிட்டல் கையொப்பம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, தனி உரிமையாளர்களுக்குத்தான். அவர்களுக்கு மட்டும் இந்தப் பத்தியைச் சேர்த்தால் போதும்.

வாழ்த்து மடலில் நான்கு வரி இருந்தால் நிறைவாக இருக்கும். பெயர் சொல்லி அழையுங்கள். அந்த வருடம் அவரோடு சேர்ந்து செய்த வேலை ஒன்றைக் குறிப்பிட்டு எழுதினால் மொத்தமாக அனுப்பியது போலத் தெரியாது: "புதுக் கிளைக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்தபோது ஆவணங்களை எல்லாம் உடனுக்குடன் கொடுத்து உதவினீர்கள். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்." துக்கம் இருக்கும் வீட்டை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இஸ்லாமிய, கிறிஸ்தவக் கிளையண்ட்களுக்கு வாழ்த்து அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம். அவர்களுடைய ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாம் அனுப்புகிறோமா என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு பட்டியல்தான். யார் பில் கொடுத்தார், யாருக்கு நினைவூட்டல், யாருக்கு வாழ்த்து வேண்டாம் என்று மூன்று பட்டியலைச் சரியாக வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பில் கொடுத்தவருக்கு, "பில் இன்னும் வரவில்லை" என்று போனால் அவருக்கு எரிச்சல் வரும். எல்லாரையும் ஒரே மடலின் 'டு' வரிசையில் போட்டுவிட்டால் உங்கள் கிளையண்ட் பட்டியல் முழுக்க எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கொருவர் போட்டிக் கடைக்காரர்களாகவும் இருப்பார்கள். பிசிசி-யில் போடுங்கள், இல்லையென்றால் தனித்தனியாக அனுப்புங்கள்.

## வாட்ஸ்அப் வாழ்த்துப் படம்

விளக்கு, கோலம், நடுவில் அலுவலகத்தின் பெயர், அடியில் பொடி எழுத்தில் விடுமுறைத் தேதி. இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், ஏனென்றால் கிளையண்ட் இருப்பது வாட்ஸ்அப்பில்தான். அது உண்மையும்கூட. மெயிலே பார்க்காத கடைக்காரர்கள் ஏராளம்.

ஆனால் படத்துக்குள் இருக்கும் தேதி வாட்ஸ்அப் தேடலில் வராது. தீபாவளி அன்று வரும் ஐம்பது படங்களில் நம்முடையதும் ஒன்றாகப் போய்விடும், அடுத்த வாரம் போனில் இடமில்லை என்று மொத்தமாக அழித்துவிடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவதில் வேறொரு ஓட்டையும் இருக்கிறது: நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக வந்த கிளையண்ட்தான் பெரும்பாலும் சேமித்திருக்க மாட்டார். நம் வழக்கம் தெரியாத அவருக்குத்தான் அறிவிப்பு ரொம்பத் தேவை. பட்டியலில் அவர் பெயர் இருப்பதால் அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். எல்லாரையும் ஒரு குரூப்பில் சேர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்தான் வழி என்றால், அறிவிப்பை எழுத்தாகத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். படம் வேண்டுமானால் அது வாழ்த்துக்கு மட்டும், இன்னொரு நாளில். அப்படிச் செய்யும்போது இது இரண்டு மடல் வழியாகவே ஆகிவிடுகிறது, ஊடகம்தான் வேறு.

## தானியங்கிப் பதில் மட்டும்

முன்கூட்டியே எதுவும் சொல்லாமல், விடுமுறையில் எழுதுகிறவருக்குத் தானாகப் பதில் போகும்படி வைப்பது. எழுதாதவரை இது தொந்தரவு செய்யாது. ஆனால் நம் முதல் அளவுகோலில் அடியோடு தோற்கிறது: கிளையண்டுக்கு விஷயம் தெரியும்போது அலுவலகம் ஏற்கெனவே பூட்டியாயிற்று. தனியாக வேண்டாம், மற்ற எந்த வழிக்கும் துணையாகக் கட்டாயம் வேண்டும்.

ஜிமெயிலில் Vacation responder-இல் முதல் நாளும் கடைசி நாளும் கொடுத்துவிடலாம். முதல் நாள் நள்ளிரவில் தொடங்கி, கடைசி நாள் இரவு 11:59-க்குத் தானே நின்றுவிடும். ஒரே ஆள் மூன்று நாளில் மூன்று மெயில் அனுப்பினாலும் பதில் ஒரு முறைதான் போகும். அதனால் அவசர எண், திறக்கும் தேதி எல்லாம் அந்த ஒரு பதிலிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் இதே வேலைக்கு Away message இருக்கிறது. அந்த போனில் இணையம் இருந்தால்தான் போகும். அலுவலக போனை அணைத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் யாருக்கும் பதில் போகாது.

## ஒரு பார்வையில்

| | ஒரே மடல் | இரண்டு மடல்கள் | வாட்ஸ்அப் படம் | தானியங்கிப் பதில் மட்டும் |
|---|---|---|---|---|
| செய்ய நேரம் இருக்கிறதா | முன்னதாக அனுப்பினால் மட்டும் | இருக்கிறது | பெரும்பாலும் இல்லை | இல்லை |
| தேடினால் கிடைக்குமா | தலைப்பில் தேதி இருந்தால் | கிடைக்கும் | கிடைக்காது | எழுதியவருக்கு மட்டும் |
| வாழ்த்து நிற்கிறதா | ஓரளவு | நன்றாக | கூட்டத்தில் கரைகிறது | பொருந்தாது |
| மறைந்த செலவு | திறக்கப்படாமல் போவது | பட்டியல் பராமரிப்பு | எண்ணைச் சேமிக்காதவர்களுக்குப் போகாது | தாமதமாகத் தெரிவது |
| யாருக்கு நல்லது | வெளிநாட்டினர், எப்போதாவது பேசுபவர்கள் | தேதி வைத்து நடக்கும் வேலை | வாழ்த்துக்கு மட்டும் | எல்லாவற்றுக்கும் துணையாக |

## பதில் நேரத்தை எப்படிச் சொல்வது

எந்த வழியைப் பிடித்தாலும் சறுக்குவது இந்த வரியில்தான். "24 மணி நேரத்தில் பதில் தருவோம்" என்ற வழக்கமான வரியை விடுமுறை அறிவிப்பிலும் விட்டுவைக்கிறார்கள். சனிக்கிழமை மெயில் அனுப்பியவர் ஞாயிறன்று, தீபாவளி நாளில், பதிலை எதிர்பார்ப்பார். "2 வேலை நாட்களில்" என்றாலும் குழப்பம்தான். நமக்கு லீவான திங்கள் அவருக்கு வேலை நாளாக இருக்கலாம். கிழமையும் தேதியும் போட்டுச் சொல்லிவிட்டால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

அப்புறம், பதில் தருவது வேறு, வேலையை முடித்துத் தருவது வேறு. மேலே உள்ள மடலில், 10-ம் தேதி மாலைக்குள் பதில் என்றுதான் இருக்கிறது. மூன்று நாள் மெயில்கள் குவிந்திருக்கும், மறுநாள் தாக்கலுக்குக் கடைசி நாள், நான்கு பேரில் ஒருவர் இன்னும் வந்திருக்க மாட்டார். அன்று முடியக்கூடியது, "கிடைத்தது, வெள்ளிக்கிழமை முடித்துத் தருகிறோம்" என்று சொல்வது. அதை மட்டும் வாக்காகக் கொடுங்கள். திறக்கும் நாளன்று முதல் ஒரு மணி நேரத்துக்கு போனைத் தவிர்த்துவிட்டு ஒருவர் மெயில்களை மட்டும் பார்த்தால் இந்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம்.

அவசரம் என்பதை நாமே வரையறுத்துச் சொல்ல வேண்டும். "அவசரத்துக்கு அழைக்கவும்" என்று பொதுவாக எழுதினால், டேலி பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தீபாவளிக் காலையில் அழைப்பு வரும். நம் தொழிலில் மூன்று நாள் பொறுக்காதது என்று பார்த்தால், வழியில் வண்டி நிறுத்தப்படுவதும், துறையிலிருந்து அதிகாரிகள் நேரில் வருவதும்தான். அவ்விரண்டை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். அந்த எண்ணை எந்த நாள் யார் வைத்திருப்பார் என்பதை அலுவலகத்துக்குள் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எட்டாம் தேதி அதை எடுப்பவருக்கு வேறொரு நாள் லீவு கொடுத்துவிட வேண்டும்.

தாக்கல் தேதி எதுவும் குறுக்கே வராத தொழில் உங்களுடையது என்றால், உதாரணமாக வடிவமைப்பு வேலையோ பயிற்சி வகுப்போ நடத்துகிறீர்கள் என்றால், இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஒரு வாரம் முன்பு, தேதி தாங்கிய தலைப்போடு ஒரே மடல் அனுப்பினால் போதும்.